ஸ்கேட்ஸ் மாட்டிய முதல் நாள்: ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஸ்கேட்டிங் தொடங்கிவைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பல பள்ளிகளில் ஸ்கேட்டிங் முதல் வகுப்பு ஒரே மாதிரிதான் தொடங்குகிறது. பிள்ளைக்கு ஸ்கேட்ஸ் மாட்டி, இரண்டு கையையும் பிடித்து, மாஸ்டர் பின்பக்கமாக நடந்தபடி மெதுவாக இழுத்துப் போவார். பார்க்க நன்றாக இருக்கும், பெற்றோரும் போட்டோ எடுப்பார்கள். ஆனால் அந்தப் பிள்ளை அன்று கற்றுக்கொள்வது, தன் உடல் எடையை இன்னொருவர் கையில் கொடுப்பது எப்படி என்பதை மட்டும்தான். கையை விட்டதும் கால் முன்னே ஓட, முதுகு பின்னே சாயும். பிள்ளை இரண்டு கையையும் பின்னால் ஊன்றி விழும்.

இந்த வழிகாட்டியில் வரிசை தலைகீழ். முதலில் விழுவது, பிறகு எழுவது, பிறகு நிறுத்துவது, கடைசியில்தான் ஓட்டுவது. கணக்குக்கு ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம்: 24 பிள்ளைகள், 12 ஜோடி ஸ்கேட்ஸ், பள்ளியின் சிமென்ட் பாஸ்கெட்பால் கோர்ட், நான்கு வகுப்புகள். ஒற்றை பீரியட் போதாது. ஹெல்மெட், நீ கார்டு போன்ற காப்புகளை மாட்டிச் சரிபார்க்கவே பத்து நிமிடம் போகும், பாதியில் அணி மாற்ற இன்னொரு பத்து நிமிடம். அதனால் ஒவ்வொரு வகுப்புக்கும் அடுத்தடுத்த இரண்டு பீரியடைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

தரையும் ஸ்கேட்ஸும்

கோர்ட்டை முதலில் பெருக்குங்கள். ஸ்கேட்ஸ் சக்கரம் சின்னது, ஒரு சிறு கல்லோ வேப்பங்கொட்டையோ போதும், சக்கரம் அங்கேயே நின்றுவிடும், பிள்ளை மட்டும் முன்னே போகும். தரையில் சரிவு இருக்கிறதா என்று பார்க்க ஒரு டென்னிஸ் பந்தை நாலைந்து இடங்களில் வைத்துப் பாருங்கள். தானாக உருண்டால், அந்தப் பக்கத்தை முதல் இரண்டு வகுப்புகளுக்குப் பயன்படுத்த வேண்டாம். மழை பெய்து ஈரம் காயாத சிமென்டில் வகுப்பு வேண்டாம். வெயில் நேரத்துத் தரையும் விழுந்து பழக ஏற்றதல்ல, காலை வேளையே நல்லது.

ஸ்கேட்ஸில் நம் பள்ளிகளில் இரண்டு வகை கலந்தே கிடக்கும். முன்னே இரண்டு, பின்னே இரண்டு என நாலு சக்கரம் உள்ள குவாட் ஒன்று, சக்கரமெல்லாம் ஒரே வரிசையில் இருக்கும் இன்லைன் இன்னொன்று. தொடங்குகிறவர்களுக்கு நின்று பழகக் குவாட் எளிது. சென்னையின் ஆனந்த்குமார் வேல்குமார் 2025-இல் ஸ்பீட் ஸ்கேட்டிங்கில் உலகச் சாம்பியன் ஆன பிறகு பிள்ளைகள் இன்லைன்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள். அவர் போடுவது பந்தய ஸ்கேட், அதில் பிரேக்கே கிடையாது. அதைச் சொன்னாலே பாதிப் பேர் அமைதியாகிவிடுவார்கள்.

இந்த இரு வகையிலும் பிரேக் இருக்கும் இடம் வேறு என்பதை மறக்க வேண்டாம். குவாட்டில் ரப்பர் ஸ்டாப்பர் காலின் முன்நுனியில் இருக்கும். இன்லைனில் ஒரு காலின், பெரும்பாலும் வலது காலின், குதிகாலுக்குப் பின்னால் இருக்கும். இரு வகையையும் கலந்து நிறுத்திவிட்டு "பிரேக் போடு" என்று ஒரே கட்டளை கொடுத்தால் பாதிப் பேர் விழுவார்கள். முடிந்தால் அணிகளை வகைப்படியே பிரியுங்கள்.

ஷூவுக்கு மேல் மாட்டும் அட்ஜஸ்டபிள் ஸ்கேட்ஸ் என்றால், உள்ளே லேஸ் கட்டிய கேன்வாஸ் ஷூ இருக்க வேண்டும். செருப்பு, சாண்டல், வழவழப்பான கருப்பு ஷூ எல்லாம் உள்ளேயே வழுக்கும். அடியில் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் நட்டை ஸ்பேனரால் இறுக்கியபின், ஸ்கேட்டின் இரு முனையையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். ஓட்டும்போது அது நழுவி நீண்டால் கால் கழன்றுவிடும். புது ஸ்கேட்ஸின் சக்கரம் மெதுவாகச் சுற்றுகிறதே என்று பேரிங்கில் எண்ணெய் விட வேண்டாம். அந்த மந்தம் இந்த நான்கு வகுப்புக்கும் நமக்கு உதவிதான்.

பூட் வகை ஸ்கேட்ஸில் பிள்ளைகள் செய்யும் ஒரு தப்பை உட்கார்ந்து கவனியுங்கள். விரல் பக்கம் லேஸை இறுக்கி இறுக்கிக் கட்டிவிட்டு, கணுக்காலுக்கு வரும்போது கை வலித்துத் தளர்த்திவிடுவார்கள். விரல் மரத்துப்போகும், கணுக்கால் உள்ளே மடியும். எழுந்து நின்றதும் பின்னாலிருந்து பார்த்தால் இரு ஸ்கேட்டும் உள்பக்கமாகச் சாய்ந்து நிற்பது தெரியும். சரியான முறை இதற்கு நேர் எதிர்: குதிகாலைத் தரையில் தட்டி, பாதத்தைப் பின்னுக்குத் தள்ளி, விரல் பக்கம் லேசாக விட்டு, கணுக்காலில் இறுக்குவது. விரலை உள்ளே அசைக்க முடிய வேண்டும், குதிகால் மேலே எழும்பக் கூடாது.

காப்புகளை மாட்டும் வரிசை

ஹெல்மெட், நீ கார்டு, எல்போ கார்டு, ரிஸ்ட் கார்டு. இந்த நாலில் ஒன்று குறைந்தாலும் அந்தப் பிள்ளை அன்று ஸ்கேட்ஸ் மாட்டக் கூடாது. கடைகளில் செட்டாக விற்பதில் சில நேரம் ரிஸ்ட் கார்டுக்குப் பதில் உள்ளங்கையில் மெத்தை வைத்த கையுறைதான் வரும். அது தோலைக் காக்கும், எலும்பைக் காக்காது. உள்ளங்கைப் பக்கம் வளைந்த கெட்டி பிளாஸ்டிக் தகடு உள்ளதுதான் ரிஸ்ட் கார்டு. விழும்போது அந்தத் தகடு தரையில் சறுக்கி அடியின் வேகத்தைக் குறைக்கும், மணிக்கட்டு பின்னால் மடங்காமலும் தடுக்கும். 1996-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், இன்லைன் ஸ்கேட்டிங் செய்தவர்களில் ரிஸ்ட் கார்டு போடாதவர்களுக்கு மணிக்கட்டில் அடிபடும் வாய்ப்பு, போட்டவர்களுக்கு இருந்ததைவிடச் சுமார் பத்து மடங்கு என்று தெரியவந்தது. பணம் குறைவாக இருந்தால் ஸ்கேட்ஸில் இரண்டு ஜோடி குறைத்து வாங்குங்கள், இதில் குறைக்க வேண்டாம்.

மாட்டும் வரிசைக்குக் காரணம் உண்டு. முதலில் நீ கார்டு, ஏனென்றால் காலில் நுழைத்துப் போடும் வகையை ஸ்கேட்ஸ் மாட்டியபின் ஏற்ற முடியாது. அடுத்து எல்போ கார்டு. அதன்பின் ஹெல்மெட். பிறகு உட்கார்ந்து ஸ்கேட்ஸ். கடைசியில் ரிஸ்ட் கார்டு, அதை முதலில் போட்டால் லேஸ் கட்ட விரல் வளையாது. கழற்றும்போது ரிஸ்ட் கார்டு முதலில், பிறகு ஸ்கேட்ஸ். ஸ்கேட்ஸ் காலில் இருக்கும்வரை ஹெல்மெட் தலையை விட்டு இறங்கக் கூடாது. வகுப்பு முடிந்தது என்று ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சை நோக்கி உருண்டு வருகிற பிள்ளையைத்தான் கவனிக்க வேண்டும்.

ஹெல்மெட்டின் முன்விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் இருக்கட்டும். பக்க வார்கள் காதுக்குக் கீழே ஒன்றுசேர வேண்டும். தாடை வாருக்குள் ஒரு விரல் நுழைந்தால் போதும். வாரைப் பூட்டியபின் பிள்ளை தலையைக் குலுக்கிப் பார்க்கட்டும், ஹெல்மெட் கண்ணை மறைத்தால் அளவு பெரிது. உச்சியில் கொண்டை போட்ட பெண்பிள்ளைகளுக்கு ஹெல்மெட் உட்காராது, கழுத்துக்குக் கிட்டே தாழ்த்திப் பின்னிவரச் சொல்லுங்கள். துப்பட்டா, வளையல், கொலுசு, கழுத்துச் செயின் எல்லாம் பைக்குள் போகட்டும். பொது ஹெல்மெட் என்றால் ஆளுக்கொரு கைக்குட்டை கொண்டுவந்து தலையில் கட்டிக்கொள்ளட்டும், பேன் தொல்லை பற்றி வீடுகளிலிருந்து புகார் வராது.

சரிபார்ப்பை ஜோடியிடம் விடலாம். 24 பேரை இருவர் இருவராகப் பிரித்தால், ஒருவர் ஸ்கேட்ஸில் இருக்க, மற்றவர் தரையில் நிற்பார். தரையில் நிற்பவர் ஒவ்வொரு காப்பையும் இழுத்துப் பார்ப்பார். நீ கார்டை மேலும் கீழும் தள்ளினால் முட்டிச்சில்லை விட்டு நகரக் கூடாது. கெட்டி ஓடு முட்டிக்கு நேர் முன்னே இருக்க வேண்டும், பக்கவாட்டில் திரும்பியிருந்தால் பயனில்லை. கடைசி ஒரு பார்வை மட்டும் ஆசிரியருடையது. பாதி நேரத்தில் ஜோடி இடம் மாறும்.

முதல் வகுப்பு: விழுவதும் எழுவதும்

இந்த வகுப்பின் முதல் பாதி ஸ்கேட்ஸே இல்லாமல். காப்புகள் மட்டும் போட்டு, 24 பேரும் புல்தரையிலோ ஜமுக்காளத்திலோ நிற்கட்டும். காப்பு 12 செட்தான் என்றால் இரண்டு அணியாக வரட்டும்.

கீழே விழப்போகிறோம் என்று தெரிந்ததும் யாருக்கும் முதலில் தோன்றுவது நிமிர்ந்து கையை வீசுவது. அதை மாற்றுவதுதான் இங்கே வேலை. கட்டளை ஒன்றே ஒன்று: "குனி." முட்டியை மடக்கி உடலைத் தாழ்த்தினால், விழ வேண்டிய உயரம் பாதியாகிறது. சில நேரம் விழாமலே தப்பிவிடவும் முடியும். தாழ்ந்தபின் முன்பக்கமாகவே இறங்க வேண்டும். முதலில் முட்டிகள், அடுத்து முழங்கைகள், கடைசியில் உள்ளங்கைகள். உள்ளங்கை தொடும்போது விரல்கள் மேல்நோக்கித் தூக்கியிருக்கட்டும், தகடுதான் தரையைத் தொட வேண்டும். கை விறைப்பாக நீண்டிருக்கக் கூடாது. நீட்டிய கையில் முழு உடல் எடையும் விழுந்தால் மணிக்கட்டோ முன்கையோ முறியும். பதினொன்று முதல் பதிநான்கு வரை எலும்பு வேகமாக வளரும் வயது, இந்த முறிவு அதிகம் காணப்படுவதும் அந்த வயதில்தான்.

விழுந்து சறுக்கல் நின்றதும் உடனே விரல்களை மடக்கி முஷ்டி பிடிக்க வேண்டும். பின்னால் வருகிறவரின் சக்கரம் விரல்மீது ஏறாமலிருக்க இது. "முட்டி, முழங்கை, கை, மடக்கு" என்று எல்லோரும் சேர்ந்து உரக்கச் சொல்லியபடி பத்து முறை செய்தால் உடலுக்குப் பழகிவிடும்.

பின்பக்கம் சாயும்போது என்ன செய்வது என்பதைப் பலர் சொல்லிக்கொடுப்பதில்லை, அதிகம் நடப்பதோ அதுதான். அப்போதும் முதலில் குனிவதுதான். கைகளை மார்புக்கு முன்னே கொண்டுவந்து, தாடையை நெஞ்சோடு ஒட்டி, ஒரு பக்கமாகத் திரும்பிப் புட்டத்தின் சதைப்பகுதியில் இறங்கி உருள வேண்டும். நேராக உட்கார்ந்தால் வால் எலும்பில் அடிபடும், கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டு போகும். புல்லில், குத்துக்காலிட்ட நிலையிலிருந்தே இதைப் பழக்குங்கள், நின்ற உயரத்திலிருந்து வேண்டாம்.

இப்போது ஸ்கேட்ஸ் மாட்டலாம், ஆனால் புல்லிலேயே. புல் சக்கரத்தை உருளவிடாது. குதிகால்கள் ஒட்டி, முன்நுனிகள் விரிந்து, V வடிவில் நிற்பதுதான் ஓய்வு நிலை. அப்படி நின்றால் ஸ்கேட் தானாக உருளாது. முட்டி மடிந்து, குனிந்து பார்த்தால் முட்டி கால்விரலை மறைக்க வேண்டும். கை இரண்டும் இடுப்பு உயரத்தில் முன்னே தெரியட்டும். பார்வை நாலைந்து மீட்டர் தள்ளி. காலைப் பார்த்தால் தலை குனியும், தலை போகும் இடத்துக்கு உடலும் போகும். வாத்து போல V நடையில் இருபது அடி நடக்கட்டும், இந்த நிலையில் மூன்று முறை விழுந்து எழட்டும்.

எழும் முறை: இரு முட்டியிலும் நின்று, ஒரு காலை முன்னே எடுத்து நாலு சக்கரமும் தரையில் படும்படி வைக்க வேண்டும். இரு கையையும் அந்த முட்டிமேல் ஊன்றி, அழுத்தி எழும்ப வேண்டும். பின்காலைக் கொண்டுவந்து V-இல் சேர்க்க வேண்டும். கையைத் தரையில் ஊன்றி, இடுப்பை முதலில் தூக்கும் பிள்ளைக்கு ஸ்கேட் பின்னால் நழுவி மறுபடி முகம் தரையை நோக்கிப் போகும். ஜோடி கை கொடுத்துத் தூக்கக் கூடாது, தூக்கினால் இருவரும் விழுவார்கள். யார் உதவியும் இல்லாமல் மூன்று முறை எழுந்தவரே அடுத்த வகுப்பில் சிமென்டுக்குப் போகலாம்.

இரண்டாம், மூன்றாம் வகுப்பு: நிறுத்துவது

பாஸ்கெட்பால் கோர்ட்டின் நீளம் 28 மீட்டர், அகலம் 15. ஆறு பேரை எண்ட் லைனில் நிறுத்தினால் ஒவ்வொருவருக்கும் இரண்டரை மீட்டர் அகலம் கிடைக்கும். 12 பேர் ஸ்கேட்ஸில் இருந்தால் ஆறு பேர் ஓட்ட, ஆறு பேர் V-இல் காத்திருப்பார்கள். எண்ட் லைனிலிருந்து ஃப்ரீ த்ரோ கோடு 5.8 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. சாக்பீஸ் தேடாமல் அந்தக் கோட்டையே பயன்படுத்தலாம்: அதுவரை V நடை, கோட்டைத் தொட்டதும் கால் அசைக்காமல் உருளுதல், நடுக்கோட்டுக்கு முன் நிற்பது. நடுக்கோடு இன்னும் எட்டு மீட்டருக்குமேல் தள்ளி இருப்பதால் முதல் முயற்சிகளுக்குத் தாராளமான இடம்.

இரு வகை ஸ்கேட்டிலும் செல்லுபடியாகும் நிறுத்தல் ஒன்று உண்டு, அதை முதலில் கொடுங்கள். பிளவ் ஸ்டாப் என்பார்கள். உருளும்போது கால்களைத் தோளைவிட அகலமாக விரித்து, முட்டியை நன்றாக மடக்கி, முன்நுனிகளைச் சற்று உள்நோக்கித் திருப்பி, குதிகால்களை வெளிப்பக்கம் அழுத்தித் தள்ள வேண்டும். சக்கரம் தரையைத் தேய்த்துக்கொண்டு வேகம் குறையும். இது மெதுவான வேகத்தில்தான் வேலை செய்யும், நமக்கும் இப்போது அந்த வேகம்தான்.

இதில் இரண்டு தப்பு திரும்பத் திரும்ப வரும். ஒன்று, முன்நுனிகள் நெருங்கி ஒன்றையொன்று முட்டிக்கொள்வது. ஸ்கேட் அப்படியே பூட்டிக்கொள்ளும், பிள்ளை முன்னே கவிழும். நுனிகளுக்கு நடுவே ஓர் அடி இடைவெளி எப்போதும் இருக்கட்டும். மற்றொன்று, காலை விரித்தும் முட்டி நேராக இருப்பது. அப்படி இருந்தால் சக்கரத்தை அழுத்தப் பலம் கிடைக்காது, கால் இரண்டும் விரிந்துகொண்டே போகும், வேகமோ குறையாது. "தொடை வலிக்கிறது" என்று பிள்ளை சொன்னால் சரியாகச் செய்கிறது என்று அர்த்தம்.

மூன்றாம் வகுப்பில் ரப்பர் பிரேக். இன்லைன் அணிக்கு: பிரேக் உள்ள காலை முன்னே நகர்த்துவதுதான் முதல் வேலை, அதன் குதிகால் மற்றக் காலின் விரலுக்கு நேராக வரும்வரை. எடை பின்காலில் இருக்கட்டும். பிறகு முன்காலின் விரல்களைத் தூக்கினால் ரப்பர் தரையைத் தொடும், மெதுவாக அழுத்தத்தைக் கூட்டலாம். காலை முன்னே கொண்டுபோகாமல் இருந்த இடத்திலேயே விரலைத் தூக்குவதுதான் இங்கே வழக்கமான தப்பு. உடல் எடை குதிகாலுக்குப் பின்னால் போய், மல்லாந்து விழுவார்கள். அதனால் முதலில் உருளாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு, காலை முன்னே பின்னே கத்தரி போல நகர்த்தி மட்டும் பழகட்டும்.

குவாட் அணிக்கு எடை முழுவதும் மடக்கிய முன்காலில். மற்றக் காலைப் பின்னே கொண்டுபோய், அதன் ஸ்டாப்பரைத் தரையில் இழுத்துவர வேண்டும். முதலில் தொட்டும் தொடாமலும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி. ஓடுகிற வேகத்தில் முன்காலின் ஸ்டாப்பரைத் தரையில் குத்தினால் குப்புற விழுவார்கள். ஸ்டாப்பர் முன்னே இருப்பதால் பிள்ளைகளுக்கு முதலில் தோன்றுவதே அதுதான். "பின்னால் இழு, முன்னால் குத்தாதே" என்பதை ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் சொல்லுங்கள்.

ஒரு காலைக் குறுக்கே வைத்து இழுக்கும் டி ஸ்டாப்பை இந்த நான்கு வகுப்பில் சேர்க்க வேண்டாம். ஒற்றைக் காலில் மூன்று நொடி நேராக உருள முடியாதவர் அதைச் செய்தால் பம்பரமாகச் சுற்றுவார். சுவரில் மோதி நிற்பதையும், ஒருவரையொருவர் பிடித்து நிற்பதையும் முதல் நாளிலிருந்தே தடை செய்யுங்கள். எதுவும் கைகொடுக்காவிட்டால் குனிந்து, பழகியபடி முட்டியில் இறங்குவதே கடைசிப் பிரேக்.

நான்காம் வகுப்பு: ஓட்டம்

இப்போதுதான் தள்ளி உருளுதல். V நடையில் ஒரு காலால் பக்கவாட்டில் தள்ளி, மற்றக் காலில் எடையை மாற்றி உருள வேண்டும். பின்னுக்குத் தள்ளினால் சக்கரம் நழுவும், பிடி கிடைக்காது. இரண்டு தள்ளல், ஓர் உருளல், பிறகு நிறுத்தல். இதையே கோர்ட்டின் நீளவாக்கில் செய்தபின், எல்லோரும் ஒரே திசையில், கடிகாரத்துக்கு எதிர்த்திசையில், சுற்றலாம். முன்னே போகிறவருக்கும் தனக்கும் நடுவே குறைந்தது மூன்று மீட்டர் விடட்டும். யாராவது விழுந்தால் பின்னே வருகிறவர் அவருக்குப் பின்புறமாகச் சுற்றிப் போக வேண்டும், முன்புறமாகப் போனால் விழுந்தவர் இன்னும் சறுக்கிவந்து காலில் மோதுவார். ஒரு நீண்ட விசில் என்றால் எல்லோரும் நிறுத்த வேண்டும். விசிலுக்கு மூன்று மீட்டருக்குள் நிற்க முடியாதவர் மறுபடி ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் போகட்டும்.

தேர்ச்சியை வேகத்தால் அளக்காதீர்கள். தானாக எழுவது, கேட்டதும் முன்பக்கமாக விழுவது, மூன்று மீட்டருக்குள் இரண்டு விதமாக நிறுத்துவது. இந்த மூன்றும் வராத பிள்ளை எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் தெருவில் ஓட்டத் தயாரில்லை என்று வீட்டுக்கு எழுதி அனுப்புங்கள்.

அடிபட்டால்

சிராய்ப்பைக் குழாய்த் தண்ணீரில் கழுவி மூடினால் போதும். மணிக்கட்டில் வலி இருந்து, வீங்கி, பிள்ளை அந்தக் கையால் பேனாவைப் பிடிக்க மறுத்தால் முறிவு என்றே வைத்துக்கொள்ளுங்கள். சுளுக்கு எடுக்கவோ, தைலம் போட்டு நீவவோ, இழுத்துப் பார்க்கவோ விடக் கூடாது. வளரும் எலும்பின் முனையில் விரிசல் இருந்தால் நீவுவதில் அது விலகிவிடும். ஒரு கெட்டி அட்டையில் கையைச் சாய்த்துத் துணியால் கட்டி, கழுத்திலிருந்து தொங்கும் துணித் தூளியில் தாங்கவைத்து, எக்ஸ்ரே எடுக்கும் மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

தலையில் அடி என்றால், ஹெல்மெட் இருந்தாலும், அன்று அந்தப் பிள்ளைக்கு ஸ்கேட்டிங் முடிந்தது. வாந்தி, மயக்கம், குழப்பமான பேச்சு, கூடிக்கொண்டே போகும் தலைவலி, இதில் ஏதாவது தெரிந்தால் உடனே 108. வீட்டாருக்கும் இந்த அறிகுறிகளைச் சொல்லி அனுப்புங்கள், சில மணி நேரம் கழித்தும் தெரியவரலாம். அடிபட்ட ஹெல்மெட்டின் உள்ளே தெர்மாகோல் போன்ற பகுதியில் கீறலோ அமுக்கமோ இருந்தால் அதை மறுபடி அலமாரியில் வைக்காமல் உடைத்துப் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த வாரம் வேறொரு பிள்ளை அதை எடுத்து மாட்டிக்கொள்ளும்.